குடல் டிபியா, கிரோன் நோயா? மருத்துவர்கள் எப்படிப் பிரித்தறிகிறார்கள்

ஈரோட்டுப் பக்கம் விசைத்தறியில் வேலை செய்யும் முப்பது வயது ஆள் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நிஜத்தில் இப்படி ஒரு தனி ஆள் இல்லை. குடல் நோய்ப் பிரிவுக்கு வரும் பலரின் கதையைச் சேர்த்து, விளக்கத்துக்காக நான் உருவாக்கியவர். ஐந்து மாதமாக அவருக்கு வலப்பக்க அடிவயிற்றில் வலி. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வயிறு முறுக்கிப் பிடிக்கிறது, குடல் சத்தம் போடுகிறது, பிறகு தானாக அடங்குகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பேதி. சில நாள் மாலையில் உடம்பு லேசாகச் சுடுகிறது. ஏழு கிலோ எடை குறைந்துவிட்டது.

கொலோனோஸ்கோபி செய்கிறார்கள். மலவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயைச் செலுத்திப் பெருங்குடல் முழுவதையும், சிறுகுடலின் கடைசி சில அங்குலங்களையும் பார்க்கும் சோதனை அது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்கள் தெரிகின்றன. அங்கிருந்து சதைத் துணுக்குகள் எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டின் கடைசி வரி இது: "கிரானுலோமாவுடன் கூடிய அழற்சி. குடல் காசநோய் அல்லது கிரோன் நோய். மற்ற விவரங்களுடன் பொருத்திப் பார்க்கவும்."

ரிப்போர்ட்டைப் படித்த குடும்பத்துக்குக் கோபம் வருவது இயல்புதான். இவ்வளவு சோதனை செய்தும் இரண்டில் எது என்று சொல்ல முடியாதா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் சொல்ல முடியாது என்பதுதான் பல நேரங்களில் நேர்மையான பதில். ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

முதலில் இரண்டு நோய்களையும் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். குடல் டிபி ஒரு தொற்று. நுரையீரலில் டிபி உண்டாக்கும் அதே கிருமி குடலில் குடியேறுகிறது. நுரையீரல் டிபி உள்ளவர் தன் சளியையே விழுங்குவதால் வரலாம், இரத்தம் வழியாகப் பரவலாம், பக்கத்து நெறிக்கட்டிகளிலிருந்து வரலாம். காய்ச்சாத பாலில் மாட்டு டிபி கிருமி இருந்தால் அதன் வழியாகவும் வரலாம். ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும்.

கிரோன் நோய் தொற்று அல்ல. குடலில் எப்போதும் வாழும் பாக்டீரியாக்களுக்கு எதிராக உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவு மீறிச் சண்டை போடுவதால் வருவது. அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு, வாழும் சூழலுக்கும் பங்கு உண்டு. இதை முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள் இவற்றால் அடக்கி வைக்கலாம். மருந்து பல ஆண்டுகள் தொடரும்.

அழற்சிக் குடல் நோய் என்ற குடும்பத்தில் இன்னொன்றும் உண்டு, அல்சரேடிவ் கொலைடிஸ். அது பெரும்பாலும் மலக்குடலில் தொடங்கி இடைவெளி விடாமல் மேல்நோக்கிப் பரவும், பெருங்குடலோடு நின்றுவிடும். டிபி அப்படி நடந்துகொள்வது அபூர்வம். அதனால் குழப்பம் என்று நாம் பேசுவது ஏறக்குறைய முழுவதும் டிபிக்கும் கிரோனுக்கும் இடையில்தான்.

சரி, ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன? ஒன்று, இடம். இரண்டு நோய்களுமே சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்கும் இடத்தையே மிகவும் விரும்புகின்றன. டிபி அங்கே தங்குவதற்குக் காரணம் சொல்ல முடிகிறது. அங்கே ஒரு வால்வு இருப்பதால் குடலில் போகும் பொருள் அதிக நேரம் தேங்கி நிற்கிறது. குடல் சுவரில் நிணநீர்த் திசுவும் அங்கேதான் அதிகம், கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளும் செல்கள் அந்தத் திசுவின் மேல்தான் இருக்கின்றன. கிரோன் நோயும் அதே நிணநீர்த் திசுவைச் சுற்றித்தான் தொடங்குகிறது என்று கருதுகிறார்கள். ஆக, வலி வரும் இடமும் ஒன்று, குடல் சுருங்கி அடைப்பதுபோல் வரும் முறுக்கலும் ஒன்று.

இரண்டாவது, கிரானுலோமா. உடம்பால் ஒன்றைக் கொன்று ஒழிக்க முடியாதபோது, எதிர்ப்புச் செல்கள் கூட்டமாகத் திரண்டு அதைச் சுற்றி வளைத்து நிற்கும். மைக்ராஸ்கோப்பில் தெரியும் அந்தச் செல் உருண்டைதான் கிரானுலோமா. டிபி கிருமிக்கு எதிராக உடம்பு இதைத்தான் கட்டும். கிரோனிலும் கிருமி எதுவும் இல்லாமலே இதே உருண்டைகள் தோன்றும்.

இந்தக் குழப்பம் நம் ஊரில் தொடங்கியதும் அல்ல. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கென்னடி டால்சியல் என்ற அறுவை மருத்துவர் 1913-இல் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். குடல் பார்வைக்கு டிபி போலவே இருந்தது, ஆனால் டிபி கிருமி கிடைக்கவில்லை. கால்நடைகளுக்கு வரும் ஜோனிஸ் நோய் என்ற குடல் நோயை ஒத்திருப்பதாக அவர் குறிப்பிட்டார். பிறகு 1932-இல் நியூயார்க்கில் பரில் கிரோனும் அவரது இரு சகாக்களும் இது தனி நோய் என்று விவரித்தார்கள். அதற்கு முன்பு இப்படிப்பட்ட பலருக்கும் குடல் டிபி என்றே பெயர் சூட்டியிருப்பார்கள். கிரோன் நோய் பிறந்ததே "டிபி மாதிரி இருக்கிறது, ஆனால் டிபி இல்லை" என்ற இடத்தில்தான்.

இப்போது டிபி அதிகமுள்ள நாடுகளில் மட்டும் இது ஏன் இத்தனை பெரிய தலைவலி என்ற கேள்விக்கு வருவோம். உலகில் ஆண்டுதோறும் புதிதாக டிபி வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். மேலே சொன்ன அதே கொலோனோஸ்கோபிப் படத்தை ஸ்வீடனில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் பார்த்தால், மருத்துவர் அதிகம் யோசிக்காமல் கிரோன் என்பார், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஒரு தலைமுறைக்கு முன்பு தமிழ்நாட்டில் அதே படத்தைப் பார்த்தவர் டிபி என்று மருந்தைத் தொடங்கியிருப்பார். அவரும் பெரும்பாலும் சரிதான். அங்கே அந்த நோய் அதிகம், இங்கே இந்த நோய் அதிகம் என்பதே பாதி வேலையைச் செய்துவிட்டது.

இன்று அந்த வசதி போய்விட்டது. டிபி இன்னும் பெருமளவில் இருக்கும் நிலையில், இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கிரோன் நோய் கூடிக்கொண்டே வருகிறது. இரண்டும் ஏறத்தாழ சம வாய்ப்புள்ளவை ஆகிவிட்ட இடத்தில் ஊரின் பெயரை வைத்து ஊகிக்க முடியாது. லண்டனுக்கோ டொராண்டோவுக்கோ குடிபெயர்ந்த தெற்காசியர்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் இதே சிக்கல்தான். அவர் டிபியை நினைக்கவே மறந்துவிடும் ஆபத்து கூடுதலாக உண்டு.

தப்பாகக் கணித்தால் என்ன ஆகும்? டிபி உள்ளவரைக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் முதலில் அவருக்கு நன்றாகவே இருக்கும். காய்ச்சல் விடும், பசி எடுக்கும், வலி குறையும், ஏனென்றால் ஸ்டீராய்டு எந்த அழற்சியையும் அமுக்கும். அந்த நிம்மதிக்கு அடியில் கிருமி தடையில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ குடலில் ஓட்டை விழலாம், அல்லது டிபி நுரையீரல், கல்லீரல், மூளை உறை என்று பரவலாம். இன்ஃப்ளிக்சிமாப் இன்னும் ஆபத்து. கிரானுலோமாவைச் சிதறாமல் பிடித்து வைத்திருக்கும் டிஎன்எஃப் என்ற பொருளையே அது முடக்குகிறது. வளைத்து நிற்கும் செல்கள் கலைந்தால் உள்ளே அடைபட்ட கிருமி வெளியே வரும். அந்த ஊசி பழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, 2001-இல், அதைப் போட்டுக்கொண்ட 70 பேருக்கு டிபி கிளம்பியது பற்றிய அறிக்கை வெளியானது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு டிபி நுரையீரலுக்கு வெளியே இருந்தது.

எதிர்ப்பக்கத் தவறு இவ்வளவு பயங்கரமாகத் தெரியாது. கிரோன் நோயாளிக்கு டிபி மருந்து கொடுத்தால் உடனே உயிருக்கு ஆபத்தில்லை. அதனாலேயே "எதற்கும் டிபி மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்று பலர் எளிதாக முடிவெடுக்கிறார்கள். ஆனால் அந்த ஆறு, ஒன்பது மாதங்களில் கிரோன் அழற்சி ஓயாமல் வேலை செய்யும். புண் ஆறி ஆறித் திரும்பப் புண்ணாகி, குடல் தழும்பேறிச் சுருங்கும். சுருங்கிய குடலை மாத்திரையால் விரிக்க முடியாது. கடைசியில் அறுவைச் சிகிச்சைதான். டிபி மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கவும் செய்யலாம். ஆக, இந்தப் பாதையும் இலவசம் இல்லை. ஆனாலும் சந்தேகம் சமமாக இருக்கும்போது முதலில் டிபி பக்கம் சாய்வதுதான் பொதுவான வழக்கம், அதுதான் சரி என்பது என் கருத்தும். முதல் தவறு ஆளையே கொல்லலாம். இரண்டாவது தவறைக் காலக்கெடு வைத்துக் கட்டுப்படுத்தலாம். அந்தக் காலக்கெடுதான் முக்கியம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இப்போது தடயங்கள். நோயாளியின் கதையிலேயே சில உண்டு. மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, வேகமாகக் குறையும் எடை, வீட்டில் யாருக்காவது டிபி இருந்த வரலாறு இவை டிபியின் பக்கம் சாயும். மலத்தில் ரத்தம், ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போகும் தொந்தரவு, மூட்டு வலி, கண் சிவப்பு, முக்கியமாக ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரம் இவை கிரோனின் பக்கம். ஆனால் எதுவும் உறுதியில்லை. கிரோனிலும் காய்ச்சல் வரும், எடை குறையும். நம் தறித் தொழிலாளிக்கு ஐந்து மாதத் தொந்தரவு, காய்ச்சல், ஏழு கிலோ இழப்பு. டிபி பக்கம் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவுதான்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் டிபி தெரிந்தால் பெரிய உதவி. குடல் டிபி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் சுத்தமாகவே இருக்கும் என்பதால், எக்ஸ்ரே நன்றாக இருப்பதை வைத்து டிபி இல்லை என்று சொல்லக் கூடாது. மாண்டூ ஊசியும், அதே வேலையை ரத்தத்தில் செய்யும் இக்ரா சோதனையும் நம் ஊரில் அதிகம் உதவாது. உடம்பு எப்போதாவது டிபி கிருமியைச் சந்தித்திருக்கிறதா என்பதைத்தான் அவை சொல்லும், இப்போதைய புண் அதனால் வந்ததா என்று சொல்லாது. இந்தியாவில் நோயே வராமல் கிருமியை மட்டும் உடம்பில் சுமப்பவர்கள் ஏராளம். கிரோன் உள்ளவருக்கும் மாண்டூ வீங்கலாம்.

வயிற்று சிடி ஸ்கேனில் மருத்துவர் முதலில் தேடுவது நெறிக்கட்டிகளை. நடுப்பகுதி செத்து, ஸ்கேனில் நடுவில் கருத்தும் ஓரத்தில் வெளுத்தும் தெரியும் பெரிய நெறிக்கட்டி இருந்தால் அது டிபிக்கு மிக வலுவான சாட்சி. கிரோனில் அப்படிக் காண்பது மிக அரிது. வயிற்றில் நீர் கோத்திருப்பதும் டிபி பக்கம். குடலின் நீண்ட பகுதி தடித்து, அதற்கு வரும் ரத்தக் குழாய்கள் புடைத்துச் சீப்பின் பற்கள் போல வரிசையாகத் தெரிவதும், இடையிடையே நல்ல குடல் விட்டு விட்டு நோய் இருப்பதும் கிரோன் பக்கம். நம் ஆளின் சிடியில் சீக்கம் என்ற பெருங்குடல் தொடக்கமும் சிறுகுடலின் கடைசிப் பன்னிரண்டு சென்டிமீட்டரும் தடித்திருந்தன. நெறிக்கட்டிகள் சின்னதாக இருந்தன, நடுவில் செத்தவை இல்லை. எந்தப் பக்கமும் முடிவாகவில்லை.

கொலோனோஸ்கோபிக்குத் திரும்புவோம். புண் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதற்கு இங்கே மதிப்பு உண்டு. டிபி புண்கள் பெரும்பாலும் குடலைச் சுற்றி வளையம்போல் குறுக்காகப் போகும், ஏனென்றால் குடல் சுவரில் நிணநீர் நாளங்கள் அப்படிச் சுற்றித்தான் ஓடுகின்றன, கிருமி அவற்றின் வழியே பரவுகிறது. ஆறும்போதும் அந்த வளையமே சுருங்கிக் குடலை இறுக்கும். வால்வு டிபியில் சிதைந்து எப்போதும் திறந்தபடி கிடக்கும். கிரோன் புண்கள் குடலின் நீள வாக்கில், ரயில் பாதைபோல ஓடும். அவற்றுக்கிடையே சவ்வு மேடு மேடாக நிற்கும். மலக்குடலிலும் ஆசனவாயிலும் நோய் இருந்தால், நாலைந்து இடங்களில் துண்டு துண்டாக இருந்தால், சின்னச் சின்ன வாய்ப்புண் மாதிரிப் புள்ளிப் புண்கள் இருந்தால் கிரோன் சந்தேகம் கூடும். அனுபவமுள்ளவர் இந்தக் குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். மிச்சம் உள்ளவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. நம் ஆளுக்குச் சீக்கத்தில் ஒரு குறுக்குப் புண், சிறுகுடலில் இரண்டு நீளப் புண்.

பயாப்ஸியில் என்ன பார்க்கிறார்கள் என்பதில் வேலூர் சிஎம்சி மருத்துவர்களின் பங்கு பெரிது. 1999-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு கிரானுலோமா இருக்கிறதா இல்லையா என்பதோடு நிற்காமல், அது எப்படிப்பட்டது என்று பார்க்கச் சொன்னது. டிபி கிரானுலோமாக்கள் பெரியவை, அகலத்தில் சராசரியாக ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இருக்கும். பல சேர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். புண்ணின் அடித்தளத்தில் அந்த வகைச் செல்கள் வரிசைகட்டி நிற்கும். நடுவில் வெண்ணெய்க்கட்டி போலச் செத்த திசு இருந்தால், அதாவது கேசியேஷன் இருந்தால், டிபி ஏறக்குறைய உறுதி. கிரோனில் கிரானுலோமாக்கள் சின்னவை, அபூர்வமானவை, தனித்தனியாக இருப்பவை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. கேமராவில் பார்க்கும்போது நன்றாகத் தோன்றிய பகுதியிலிருந்து எடுத்த துணுக்கிலும் கிரோன் நோயாளிகளுக்கு நாள்பட்ட அழற்சி காணப்பட்டது. டிபியில் அழற்சி பெரும்பாலும் புண் உள்ள இடத்தோடு நின்றது. அதனால்தான் நல்ல மருத்துவர் புண்ணில் மட்டும் துணுக்கு எடுக்காமல், ஒழுங்காகத் தெரியும் குடலிலிருந்தும், மலக்குடலிலிருந்தும் தனித்தனிக் குப்பிகளில் எடுத்து அனுப்புவார். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டு அனுப்பினால் இந்தத் தகவல் காணாமல் போய்விடும்.

கேசியேஷனோ பெரிய கிரானுலோமாவோ டிபி நோயாளிகள் எல்லோரிடமும் கிடைப்பதில்லை. கொலோனோஸ்கோபியில் எடுக்கும் துணுக்கு அரிசியைவிடச் சிறியது, மேல் சவ்வைத் தாண்டி ஆழம் போகாது. டிபியின் கிரானுலோமாக்கள் பல நேரம் அதற்கும் கீழே உள்ள அடுக்கில் இருக்கும். எட்டுப் பத்துத் துணுக்கு எடுத்தாலும் தவறலாம்.

சரி, கிருமியையே பிடித்துவிட்டால்? அதுதான் நேரடி வழி. ஆனால் சளியில் கோடிக்கணக்கில் நீந்தும் கிருமி குடல் புண்ணில் மிகச் சிலவாகத்தான் இருக்கும். துணுக்கைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் தேடினால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. நம் அரசு மையங்களில் சிபிநாட் என்று சொல்லும் மரபணுச் சோதனை சளியில் அருமையாக வேலை செய்யும். குடல் துணுக்கில் உண்மையான டிபி நோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேரிடம்தான் பாசிட்டிவ் காட்டும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் இதைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் முடிவு வர ஆறு வாரம் வரை காத்திருக்க வேண்டும், அதுவும் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் வளராது. கல்ச்சருக்கான துணுக்கை ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். உப்புக் கரைசலில் போட்டு அனுப்ப வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இந்த ஒரு தவறால் வீணான கொலோனோஸ்கோபிகள் உண்டு. இந்தச் சோதனைகளில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம், நெகட்டிவ் வந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை. இது மட்டும் நினைவிருந்தால் போதும்.

நம் ஆளுக்கு: பயாப்ஸியில் இரண்டே இரண்டு சின்ன கிரானுலோமா, கேசியேஷன் இல்லை. சிபிநாட் நெகட்டிவ். கல்ச்சர் போட்டிருக்கிறார்கள், முடிவு வரவில்லை. எடை குறைகிறது, வலி தொடர்கிறது. ஆறு வாரம் சும்மா இருக்க முடியாது. பௌத்திரம் இருந்திருந்தால் நேராகக் கிரோன் பக்கம் போயிருக்கலாம், செத்த நெறிக்கட்டி இருந்திருந்தால் டிபி என்று முடித்திருக்கலாம். இரண்டும் இல்லை.

இந்த இடத்தில்தான் டிபி மருந்தையே ஒரு சோதனையாகப் பயன்படுத்துகிறார்கள். ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்புட்டால் நான்கும் எடைக்கேற்ற அளவில் இரண்டு மாதம். டிபிதான் என்று உறுதியானால் பைரசினமைடை விட்டுவிட்டு மற்ற மூன்றும் மேலும் நான்கு மாதம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். முன்பு ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று கொடுத்தார்கள். குடல் டிபிக்கும் ஆறு மாதம் போதும் என்று பிறகு ஆய்வுகள் காட்டின. தொடங்கும் முன் கல்லீரல் ரத்தச் சோதனை செய்து, பிறகும் இடையில் பார்க்க வேண்டும். கண் மங்கினாலோ வாந்தி, மஞ்சள் காமாலை வந்தாலோ உடனே சொல்ல வேண்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது ரிஃபாம்பிசினால், பயப்பட வேண்டாம்.

இனி முக்கியமான பகுதி. இரண்டு மாதம் கழித்து நோயாளி வந்து "டாக்டர், பரவாயில்லை, வலி குறைந்திருக்கிறது, இரண்டு கிலோ ஏறியிருக்கிறது" என்கிறார். பல இடங்களில் இதோடு முடிவு எழுதிவிடுகிறார்கள்: மருந்து கேட்டது, ஆகவே டிபி. இங்கேதான் வழுக்குகிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், கடைசியில் கிரோன் என்று உறுதியானவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் டிபி மருந்தின் முதல் மூன்று மாதங்களில் தங்களுக்குத் தொந்தரவு குறைந்ததாகவே சொன்னார்கள். கிரோனில் தொந்தரவு தானாகவே ஏறி இறங்கும் என்பது ஒரு காரணம். ரிஃபாம்பிசின் பல வகை பாக்டீரியாக்களைக் கொல்வதால் குடல் கிருமிகள் குறைந்து அழற்சியும் கொஞ்சம் தணிந்திருக்கலாம். ஆக, டிபி உள்ளவரை ஸ்டீராய்டு ஏமாற்றுவதுபோல, கிரோன் உள்ளவரை டிபி மருந்தும் ஏமாற்றும்.

ஆனால் புண் ஏமாற்றாது. அதே ஆய்வில் டிபி நோயாளிகளுக்குப் புண்கள் ஆறின. கிரோன் நோயாளிகளில் மிகச் சிலருக்குத்தான் ஆறின. ஆகவே இரண்டாவது மாதம், தாமதமானால் மூன்றாவது மாதத்துக்குள், மறுபடியும் கொலோனோஸ்கோபி செய்து புண்ணை நேரில் பார்க்க வேண்டும். டிபியாக இருந்தால் அதற்குள் புண்கள் ஆறியிருக்கும் அல்லது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். இதற்காகவே முதல் கொலோனோஸ்கோபியின் படங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புண் எத்தனை, எந்த இடத்தில், எவ்வளவு பெரியது என்று எழுதியும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது?

இன்னொரு கொலோனோஸ்கோபி என்றால் நோயாளிக்கு அலுப்புதான். அந்தப் பேதி மருந்தைக் குடிப்பதே பெரும்பாடு. பலர் வருவதில்லை, சில மருத்துவர்களும் வற்புறுத்துவதில்லை. குறைந்தபட்சம் ரத்தத்தில் சிஆர்பி, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற இரண்டு அழற்சி அளவுகளையாவது தொடக்கத்திலும் இரண்டு மாதத்திலும் பார்க்கலாம். தொடக்கத்தில் இரு நோய்களிலும் அவை உயர்ந்திருக்கும் என்பதால் அப்போது பிரித்துக்காட்டாது. டிபி மருந்தில் அவை நன்றாக இறங்குகின்றனவா என்பதுதான் குறி. இறங்கவில்லை என்றால் கொலோனோஸ்கோபியைத் தள்ளிப்போட எந்தச் சாக்கும் இல்லை.

நம் தறித் தொழிலாளி இரண்டாம் மாத முடிவில் வந்தார். வலி பாதியாகக் குறைந்திருந்தது, எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. சிஆர்பி மட்டும் ஏறக்குறைய அதே அளவில் நின்றது. கொலோனோஸ்கோபியில் சீக்கத்துக் குறுக்குப் புண் கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆனால் சிறுகுடலின் நீளப் புண்கள் அப்படியே இருந்தன, பெருங்குடலின் நடுவில் முன்பு இல்லாத புள்ளிப் புண்கள் நான்கு முளைத்திருந்தன. மருந்து போய்க்கொண்டிருக்கும்போதே புதிய இடத்தில் புண் வருவது டிபிக்கு ஒத்துவராது. இதற்குள் கல்ச்சரும் எதுவும் வளரவில்லை என்று வந்துவிட்டது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: மருந்துக்கு அடங்காத டிபியாக இருந்தால்? கிருமி ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்புப் பெற்றிருந்தாலும் புண் ஆறாது. ஆகவே இரண்டாவது கொலோனோஸ்கோபியிலும் துணுக்குகள் எடுத்து மறுபடி சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும் அனுப்பினார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்றும் கேட்டார்கள், முன்பு எப்போதாவது டிபி மருந்து எடுத்திருக்கிறாரா, வீட்டில் யாருக்காவது எதிர்ப்பு டிபி இருந்ததா என்றும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் நிம்மதி தருவதாக இருந்தது. இந்த முறை பயாப்ஸியில் நன்றாகத் தெரிந்த சவ்விலும் நாள்பட்ட அழற்சி இருந்தது. நோயின் பெயர் கிரோன் என்று மாற்றப்பட்டது. டிபி மருந்தை நிறுத்தி ஸ்டீராய்டு தொடங்கினார்கள், பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தயோப்ரின் மாத்திரையைச் சேர்த்தார்கள். இங்கே தவறு என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. இரண்டு மாதத்தில் முடிவெடுத்ததால் குடல் இன்னும் சுருங்கவில்லை. ஒன்பது மாதம் "பரவாயில்லை" என்று ஓட்டியிருந்தால் வேறு கதை.

அதே ஆளுக்கு இரண்டாம் மாதத்தில் புண்கள் ஆறியிருந்தால் ஆறு மாதத்தையும் முடித்துவிட்டு, கடைசியில் ஒரு முறை பார்த்து அனுப்பிவைத்திருப்பார்கள். அங்கே ஒரு சிக்கல் வரலாம், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. டிபி முழுக்கக் குணமான பிறகும் சிலருக்குச் சாப்பிட்டதும் வயிறு முறுக்குவது போகாது. புண் ஆறிய இடத்தில் தழும்பு சுருங்கி வழி குறுகியிருப்பதுதான் காரணம். மருந்து தோற்றுவிட்டது என்றோ, நோய் கிரோன்தான் என்றோ இதைப் படிக்கக் கூடாது. இங்கேயும் புண் ஆறியிருக்கிறதா என்பதே கேள்வி. சவ்வு சுத்தமாக இருந்து வழி மட்டும் குறுகியிருந்தால், சுருக்கம் சிறியதாக இருக்கும்போது கொலோனோஸ்கோப் வழியாகவே பலூன் வைத்து விரித்துவிடலாம். நீளமாக இருந்தால் அந்தத் துண்டை வெட்டி இணைப்பார்கள். வெட்டியெடுத்த குடலில் சுவரின் எல்லா அடுக்குகளும் கிடைக்கும் என்பதால், கொலோனோஸ்கோபித் துணுக்கில் தெரியாத கேசியேஷனும் நெறிக்கட்டியின் கிரானுலோமாவும் சில நேரம் அப்போதுதான் தெரியவரும்.

கிரோன் என்று முடிவான பிறகும் டிபியை முற்றாக மறந்துவிட முடியாது. ஸ்டீராய்டில் இருக்கும் நம் ஆளுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்தாலோ, முதலில் நன்றாகி மறுபடி வேகமாக எடை குறைந்தாலோ, கிரோன் கூடிவிட்டது என்று ஸ்டீராய்டை ஏற்றும் முன்பு டிபியைத் தேட வேண்டும். இன்ஃப்ளிக்சிமாப் தேவைப்பட்டால் அதற்கு முன்பு நெஞ்சுப் படமும் மாண்டூவோ இக்ராவோ கட்டாயம். புண்ணின் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவாத அதே சோதனை, உள்ளே தூங்கும் கிருமி இருக்கிறதா என்று அறிய இங்கே உதவும். பாசிட்டிவ் என்றால் தூங்கும் கிருமிக்கான தடுப்பு மருந்தைக் குறைந்தது ஒரு மாதமாவது கொடுத்த பிறகே முதல் ஊசி போடுவார்கள்.